முந்தியை வாசிப்பது எப்படி: மயில், மாங்காய், தாமரை, கோபுரம்

"மயில் டிசைன், ரிச் பல்லு" என்று எழுதியிருந்த பட்டுப்புடவையைப் பிரித்துப் பார்த்தால், அதில் மயிலே இல்லாமல் இருக்கலாம். ஜரிகையில் சிறு சிறு வட்டங்களும் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளியும் மட்டும் ஓடியிருக்கும். எழுதியவர் பொய் சொல்லவில்லை. அது மயில்கண். தோகையில் உள்ள கண்ணை மட்டும் எடுத்து நெய்த உரு அது. முழு மயில் வேறு, மயில்கண் வேறு என்று சொல்லாமல் விட்டதால்தான் குழப்பம். முந்தியைப் பற்றி எழுதும்போது நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான். உருவின் பெயரைச் சொல்லிவிட்டு, அது எப்படி நிற்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது, எத்தனை முறை வருகிறது, எப்படி நெய்யப்பட்டது என்பதை விட்டுவிடுவோம்.

இந்தக் கட்டுரை காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதன் முந்தியை உடலிலிருந்து குஞ்சம் வரை படிப்படியாக வாசிப்பதும், வாசித்ததை நேரில் பார்க்காதவருக்கும் புரியும்படி எழுதுவதும்தான் பொருள்.

முந்தி எங்கே தொடங்குகிறது

புடவையில் மூன்று பகுதிகள் உண்டு: உடல், இரு ஓரமும் ஓடும் கரை, கடைசியில் வரும் முந்தி. முந்தி, முந்தானை, தலைப்பு, பல்லு எல்லாம் ஒன்றுதான். 5.5 மீட்டர் புடவையில் முந்தி பெரும்பாலும் முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை வரும்.

தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் நூல் பாவு. குறுக்கே போய்வரும் நாடா என்ற கட்டை கொண்டுபோகும் நூல் ஊடை. உடல் அரக்கு நிறம், முந்தி கரும்பச்சை என்று ஒரு புடவை இருந்தால் அந்தப் பச்சை இரண்டு வழிகளில் வந்திருக்கலாம். பாவை அப்படியே அரக்கில் விட்டுவிட்டு, முந்தி வந்ததும் ஊடையை மட்டும் பச்சைக்கு மாற்றுவது ஒரு வழி. அப்போது முந்தியில் அரக்குப் பாவும் பச்சை ஊடையும் கலந்து, அசைத்தால் இரு நிறம் மாறி மாறித் தெரியும். இன்னொரு வழியில் பாவையே மாற்றிவிடுவார்கள். அரக்குப் பாவின் ஒவ்வோர் இழையோடும் ஒரு பச்சை இழையைச் சேர்த்து, சிறிது தூரம் இரண்டையும் சேர்த்தே நெய்து, பிறகு பழைய இழைகளைக் கழித்துவிடுவார்கள். ஆயிரக்கணக்கான இழைகளைக் கையால் சேர்க்க வேண்டும் என்பதால் இது பொறுமையான வேலை. இதற்குப் பெயர் பிட்னி. இப்படி நெய்த முந்தியில் பாவும் ஊடையும் பச்சைதான், ஆகவே நிறம் கலப்பில்லாமல் அடர்த்தியாக நிற்கும்.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. உடலும் முந்தியும் சேரும் இடத்தை விரலால் தடவுங்கள். பிட்னி போட்ட புடவையில் அங்கே குறுக்கே ஒரு தடித்த கோடு விரலில் படும். இரண்டு பாவும் ஒன்றாக நெய்யப்பட்ட இடம் அது. புதிதாகப் பார்ப்பவர்கள் இதை நெசவுப் பிழை என்று நினைத்துவிடுவது உண்டு. அது பிழையில்லை, புடவையின் அடையாளம். கோடு இல்லை, முந்தியை வெளிச்சத்தில் சாய்த்தால் உடலின் நிறம் உள்ளே மினுங்குகிறது என்றால், "பிட்னி முந்தி" என்று எழுதக் கூடாது. "கலந்த நிற முந்தி" என்று எழுதலாம். அதில் குறையொன்றும் இல்லை, அதற்கென்று ஓர் அழகும் உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

எது மேல், எது கீழ்

முந்தியை விவரிக்கும்போது அதிகம் தவறவிடப்படுவது திசைதான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

உடுத்திய புடவையில் கொசுவத்தைப் பாருங்கள். கரை தரையை ஒட்டி இருக்கும். அங்கே புடவையின் அகலம்தான் மேலும் கீழுமாக நிற்கிறது. உடலில் நெய்த ஒரு மயில் நேராக நிற்க வேண்டுமென்றால் அதன் கால் கீழ்க்கரையைப் பார்க்க வேண்டும். முந்தியோ தோளின் வழியே முதுகுப் பக்கம் தொங்குகிறது. அங்கே மேலும் கீழுமாக நிற்பது புடவையின் நீளம். ஆகவே உடலில் நேராக நிற்கும் அதே மயிலை அப்படியே முந்தியிலும் நெய்தால், முதுகில் தொங்கும்போது அது படுத்துக் கிடக்கும். முந்திக்கு உருவைக் கால்வட்டம் திருப்பித்தான் வரைய வேண்டும். தலை உடலைப் பார்க்கவும், கால் குஞ்சத்தைப் பார்க்கவும் நெய்தால்தான் முதுகில் மயில் நேராக நிற்கும்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. முந்தி நீளமாக இருந்து அதன் தொடக்கம் மார்புப் பக்கம் வரை வந்துவிட்டால், தோளுக்கு முன்னால் இருக்கும் பகுதியில் அந்த மயில் தலைகீழாகத் தெரியும். தோளில் துணி மடிந்து திரும்புவதே காரணம். அதனால்தான் முந்தியின் தொடக்கத்தில் மேல் கீழ் பார்க்கத் தேவையில்லாத வட்டம், கட்டம், கோடு போன்றவற்றையோ தலைகீழானாலும் உறுத்தாத சிறு கோபுர வரிசையையோ வைத்துவிட்டு, மயில், யானை போன்ற உயிருருக்களைக் குஞ்சத்துக்கு அருகே தள்ளி வைப்பது நல்ல அமைப்பு. உயிருருக்கள் பிட்னிக் கோட்டை ஒட்டியே தொடங்கினால் அதை எழுத்தில் குறிப்பிடுங்கள். உடுத்துபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

எழுதும்போது "மேல் நோக்கிய", "இடப்பக்கம் பார்த்த" என்று மட்டும் சொன்னால் போதாது. துணியை எப்படிப் பிடித்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மேலும் இடமும் மாறிவிடும். "தலை உடல் பக்கம்", "கால் குஞ்சப் பக்கம்", "அலகு கரையைப் பார்த்து" என்று புடவையின் பகுதிகளை வைத்தே சொல்லுங்கள். படம் எடுப்பதானால் குஞ்சம் கீழே இருக்கும்படி தொங்கவிட்டு எடுப்பது வழக்கம். அதுவே சரி.

நான்கு உருக்கள்

மயிலை அடையாளம் காட்டுவது கொண்டையும் தோகையும். பறவை என்றாலே மயில் என்று எழுதிவிடும் பழக்கம் உண்டு. அன்னப்பட்சிக்கும் வால் செழிப்பாகச் சுருண்டு நிற்கும், அதனால்தான் குழப்பம். கொண்டை இருக்கிறதா, வாலில் கண் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாமல் வால் பூங்கொடிபோல் சுருண்டால் அது பெரும்பாலும் அன்னம். ஓர் உடலும் இரண்டு தலையும் இருந்தால் அது இருதலைப்பட்சி. எதிரெதிராக நிற்கும் இரண்டு மயில்களை இருதலைப்பட்சி என்று எழுதுவது தவறு. மயில்தான் என்று உறுதியானதும் தோகையைச் சொல்லுங்கள். தோகை விரித்ததா, மடித்ததா? கழுத்தை நேராக வைத்திருக்கிறதா, பின்னால் திரும்பிப் பார்க்கிறதா? வட்டத்துக்குள் அடங்கியிருந்தால் அது மயில் சக்கரம். முழு உரு இல்லாமல் கண் மட்டும் இருந்தால் மயில்கண்.

மாங்காய்க்கு நுனியே முக்கியம். அடிப்பாகம் பருத்து, நுனி ஒரு பக்கமாக வளைந்திருக்கும். அந்த நுனி எந்தப் பக்கம் வளைகிறது, எல்லா மாங்காயும் ஒரே பக்கம் வளைகின்றனவா அல்லது இரண்டிரண்டாக ஒன்றையொன்று பார்க்கின்றனவா என்பதைச் சொல்ல வேண்டும். பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். முழுக்க ஜரிகை நிரம்பியதா, வெறும் கோட்டுருவமா, உள்ளே பூவோ கொடியோ இருக்கிறதா? சிலவற்றில் ஜரிகை மாங்காயின் நடுவே சிவப்பு, பச்சைப் பட்டு இழை ஓடும். அதை மீனா என்பார்கள்.

தாமரை இரண்டு வகையாக நெய்யப்படுகிறது. பக்கவாட்டில் பார்த்த தாமரையில் இதழ்கள் விசிறிபோல் மேலே விரியும், அடியில் தண்டோ பீடமோ இருக்கும். மேலிருந்து பார்த்த தாமரை வட்டமாக இருக்கும், நடுவில் காய், சுற்றிலும் இதழ். இந்த இரண்டாவது வகையைத்தான் சக்கரம் என்று எழுதிவிடுகிறார்கள். விளிம்பு இதழ் இதழாகப் பிரிந்து நுனி கூர்ந்திருந்தால் தாமரை. விளிம்பு ஒரே வட்டமாக ஓடி உள்ளே ஆரங்களோ உருவங்களோ இருந்தால் சக்கரம். இதழை எண்ணி எழுதுவது நல்லது. "எட்டிதழ்த் தாமரை" என்றால் படிப்பவர் மனதில் உருவம் நின்றுவிடும்.

கோபுரத்துக்கு அதிக இடம் தர வேண்டியிருக்கிறது. ஒரே பெயரில் முற்றிலும் வேறான இரண்டு நெசவுகள் உண்டு.

முதலாவது, கரை உடலைச் சந்திக்கும் கோட்டில் வரிசையாக எழும் முக்கோணங்கள். இது கோர்வை வேலை. கோர்வைத் தறியில் மூன்று நாடாக்கள் ஓடும். நடுவில் ஒன்று உடல் நிறத்துக்கு, இரு ஓரமும் ஒவ்வொன்று கரை நிறத்துக்கு. நெசவாளர் ஒரு பக்கம் இருக்க, இன்னொரு பக்கத்து நாடாவைப் போட உடன் ஒருவர் உட்காருவார். உடல் ஊடையும் கரை ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துத் திரும்பும். ஒவ்வொரு வரிசையிலும் அதே இடத்தில் கோத்தால் நேர்க்கோடு வரும். கோக்கும் இடத்தைச் சில இழைகள் வீதம் உடலுக்குள் நகர்த்திக்கொண்டே போய், உச்சி வந்ததும் அதே அளவில் திரும்பி வந்தால் படிப்படியான முக்கோணம் கிடைக்கும். அதுதான் கோபுரம். உச்சி எப்போதும் உடலைப் பார்த்திருக்கும்.

இங்கே கவனித்துப் பார்க்க ஒன்று உண்டு. பாவு நேராக ஓடுவது, வளையாது. கோபுரம் நிற்கும் இடத்தில் பாவு உடலின் நிறம், உள்ளே நுழைந்த ஊடை கரையின் நிறம். ஆகவே இப்படிக் கோத்து நெய்த கோபுரத்தின் நிறம் கரையின் நிறத்தோடு முழுக்க ஒத்துப்போகாது. இரண்டும் கலந்து சற்று மாறித்தான் தெரியும். கரும்பச்சைக் கரையிலிருந்து அரக்கு உடலுக்குள் எழும் கோபுரம் கொஞ்சம் பழுப்பு ஏறிய பச்சையாக இருந்தால் சாயம் சரியில்லை என்று நினைக்க வேண்டாம். துணியின் அமைப்பு அப்படி. அடியில், கரைக்குள் மட்டும் நிறம் கலப்பில்லாமல் இருக்கும். கரைக்குள்ளேயே உடல் நிறம் மினுங்கினால் உடல் ஊடை கரைவரை ஓடியிருக்கிறது என்று பொருள். அதைக் கோர்வை என்று எழுதக் கூடாது.

இரண்டாவது வகை, பாவு இழைகளைத் தேர்ந்து தூக்கும் ஜக்கார்டுப் பெட்டியைக் கொண்டு படமாக நெய்த கோபுரம். நிலை நிலையாக அடுக்கு, உச்சியில் கலசம், சில வேளை நடுவில் வாசல் எல்லாம் ஜரிகையில் தெரியும். இது முந்தியின் நடுவிலும் வரும், கரைக்குள்ளும் வரும். முதலாவதை "கோர்வைக் கோபுரக் கரை" என்றும், இரண்டாவதை "ஐந்து நிலைக் கோபுர உரு" என்பதுபோல நிலையை எண்ணியும் எழுதினால் குழப்பமில்லை. விளிம்பில் வரும் பற்கள் எல்லாமே கோபுரமும் அல்ல. பூவிதழ்போல நீண்டு கூர்ந்த பற்களுக்குத் தாழம்பூ ரேக்கு என்று தனிப் பெயர் உண்டு.

உரு எப்படித் திரும்பத் திரும்ப வருகிறது

முந்தியின் உருக்களைத் தூக்கிக் காட்டுவது ஜக்கார்டுப் பெட்டி. அதில் உள்ள ஒவ்வொரு கொக்கியும் குறிப்பிட்ட சில பாவு இழைகளைத் தூக்கும். ஒவ்வொரு ஊடை வரிசைக்கும் துளையிட்ட ஓர் அட்டை. எந்தக் கொக்கி தூக்க வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்று அந்தத் துளைகள் சொல்லும். உருவை முதலில் கிராஃப் தாளில் வரைவார்கள். தாளின் ஒரு கட்டம் என்பது ஒரு கொக்கியும் ஓர் ஊடையும் சந்திக்கும் இடம்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். முந்தியின் அகலம் 48 அங்குலம், இரு கரையும் தலா 4 அங்குலம் என்றால் நடுவில் 40 அங்குலம் மிஞ்சும். அங்குலத்துக்கு 120 பாவு இழைகள் என்று வைத்துக்கொண்டால் 4800 இழைகள். 240 கொக்கிகள் உள்ள பெட்டியில், 240 இழைக்கு ஒருமுறை வரிசை மீண்டும் தொடங்கும்படி கட்டியிருந்தால், 2 அங்குல அகலமுள்ள ஓர் உரு 20 முறை வரும். எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். அதே 240 கொக்கிகளை முன்னும் பின்னுமாகக் கட்டினால், முதல் 240 இழைகள் ஒரு வரிசையிலும் அடுத்த 240 இழைகள் திருப்பிய வரிசையிலும் எழும். கண்ணாடியில் பார்த்ததுபோல் இரண்டு மயில்கள் எதிரெதிராக நிற்கும். அகலம் 4 அங்குலம், ஜோடிகள் 10. பாதியை மட்டும் வரைந்தால் முழு ஜோடியும் கிடைத்துவிடுகிறது. பட்டுப்புடவைகளில் மயில்களும் அன்னங்களும் இவ்வளவு அடிக்கடி ஜோடியாக நிற்பதற்குத் தறியின் இந்த வசதியும் ஒரு காரணம்.

விவரிப்பவருக்கு இது எப்படி உதவும்? இந்தக் கட்டு ஒரு தறியில் ஒரே புடவைக்குள் மாறாது. மயில்கள் கண்ணாடிக் கட்டில் ஜோடியாக வந்திருந்தால், அதே முந்தியில் உள்ள மாங்காயும் ஜோடியாகத்தான் வளையும். 20 மாங்காய் இருந்தால் 10 ஒரு பக்கம், 10 மறுபக்கம். மயில் ஜோடியாகவும் மாங்காய் எல்லாம் ஒரே பக்கமாகவும் இருந்தால், ஜோடியை முழுதாக வரைந்து நேர்க்கட்டில் நெய்திருக்கிறார்கள். அதற்குக் கொக்கிகள் அதிகம் வேண்டும். ஒரு வரிசையைப் பார்த்து மற்ற வரிசையையும் அப்படியே என்று ஊகித்து எழுதிவிடக் கூடாது. ஒவ்வொரு வரிசையையும் பார்த்தே எழுத வேண்டும்.

நீளவாக்கில் கணக்கு வேறு. அங்குலத்துக்கு 60 ஊடை விழும் என்று நினைத்து, 120 ஊடையில் ஒரு வட்டத் தாமரையை வரைந்தால் அதன் உயரம் 2 அங்குலம். நெய்யும்போது ஊடையை நெருக்கும் பலகையை மெல்லத் தட்டி அங்குலத்துக்கு 50 ஊடைதான் விழுந்தால், அதே தாமரை 2.4 அங்குலம் நீண்டுவிடும். அகலம் பாவில் கட்டுப்பட்டது, மாறாது. வட்டம் முட்டைபோலாகும். முந்தியில் ஒரு தாமரை வட்டமாகவும் நான்கு விரல் தள்ளி இன்னொன்று நீண்டும் இருந்தால் தட்டு சீராக விழவில்லை என்று பொருள். வேண்டுமென்றே நீள்வட்டமாக வரைந்ததா, தட்டில் நேர்ந்ததா என்று சந்தேகம் வந்தால் பல தாமரைகளை அளந்து பாருங்கள். வரைந்ததென்றால் எல்லாம் ஒரே அளவில் இருக்கும்.

இன்னும் இரண்டு பிழைகளை இதே அறிவைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். ஓர் அட்டை தவறிப்போனால் அந்த ஒரு வரிசை முழு அகலத்துக்கும் குலையும். 20 மாங்காயிலும் ஒரே உயரத்தில் குறுக்கே ஒரு வெட்டு தெரியும். ஒரு கொக்கி சரியாக எழாவிட்டால், உருவின் அதே இடத்தில், ஒவ்வொரு உருவிலும், நீளவாக்கில் ஒரு கீறல்போல ஓடும். ஓர் உருவில் மட்டும் சிதைவு என்றால் அது இவை இரண்டுமல்ல. இழை அறுந்திருக்கும், அல்லது பிறகு எங்கேயோ இழுபட்டிருக்கும்.

வளைவுகளில் படிக்கட்டு தெரிவது பிழையல்ல. கிராஃபின் கட்டங்கள் அவை. ஆனால் ஒரு கொக்கி இரண்டு இழையைச் சேர்த்துத் தூக்கும்படி கட்டியிருந்தால் கட்டம் பெரிதாகி, மயிலின் கழுத்து கரடுமுரடாகத் தெரியும். நெருங்கிப் பார்த்து "வளைவு நயமானது" என்றோ "படி தெரியும் வளைவு" என்றோ சேர்த்தால் வாங்குபவருக்கு நேர்மையாக இருக்கும்.

பின்பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். உருவின் ஜரிகை அடித்துணியின் ஊடையோடு கூடுதலாக ஓடும் இழை. உருவுக்கும் உருவுக்கும் நடுவே அது பின்னால் மிதந்து போகும். சில புடவைகளில் அந்த மிதவைகளை வெட்டிவிடுவார்கள், அப்போது பின்னால் சிறு நுனிகள் தெரியும். வெட்டாமல் விட்டிருந்தால் மோதிரம், கொக்கி மாட்டி இழுபட வாய்ப்பு உண்டு. இதை ஒரே வரியில் எழுதிவிடலாம்.

ஒரு முந்தியை எழுதிப் பார்ப்போம்

மேலே கணக்குப் போட்ட அதே அளவில் ஒரு முந்தி நம் முன்னால் விரித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடல் அரக்கு, கரையும் முந்தியும் கரும்பச்சை. டேப்பை எடுத்து உடலும் முந்தியும் சேரும் கோட்டில் வைத்து, குஞ்சத்தை நோக்கி அளந்துகொண்டே போகலாம். இந்தத் திசையை மாற்றவே வேண்டாம். நடுவிலிருந்தோ கண்ணைக் கவரும் இடத்திலிருந்தோ தொடங்கினால் ஏதாவது ஒரு பட்டை விட்டுப்போகும்.

தொடக்கத்தில் தடித்த கோடு விரலில் படுகிறது, முந்தியைச் சாய்த்தால் அரக்கு மினுங்கவில்லை. ஆகவே பிட்னி. அடுத்த 2 அங்குலத்தில் சிறு கோபுரங்கள் வரிசையாக, உச்சி உடலைப் பார்த்து நிற்கின்றன. கலசம் தெரிகிறது, மூன்று நிலை எண்ண முடிகிறது, எனவே இவை ஜக்கார்டு உருக்கள். அதன்பின் 3 அங்குலத்தில் மாங்காய் வரிசை. எண்ணினால் 20, இரண்டிரண்டாக நுனி ஒன்றையொன்று நோக்கி வளைந்தவை. உள்ளே சிவப்பு மீனா. பிறகு 1 அங்குலத்துக்கு மெல்லிய ஜரிகைக் கோடுகள்.

அடுத்து வருவதுதான் முந்தியின் மையம். 4 அங்குல உயரமுள்ள மூன்று வரிசைகள், மொத்தம் 12 அங்குலம். ஒவ்வொரு வரிசையிலும் 10 ஜோடி மயில்கள், ஜோடியின் நடுவே பக்கவாட்டுத் தாமரை ஒன்று. தாமரை சரியாகக் கண்ணாடிக் கோட்டில் நிற்பதால் அதன் பாதி ஒரு பக்கமும் பாதி மறுபக்கமும் வந்திருக்கிறது. இரண்டு பாதியும் ஒட்டும் இடத்தில் நடு இதழ் மற்றதைவிடத் தடித்துத் தெரிந்தால், அது கட்டின் திருப்பத்தில் வருவது. மயிலின் தலை உடல் பக்கம், தோகை மடித்து குஞ்சப் பக்கம் தொங்குகிறது. கொண்டை உண்டு, தோகையில் கண்கள் உண்டு.

மீண்டும் 1 அங்குலக் கோடுகள், 3 அங்குலத்தில் எட்டிதழ் வட்டத் தாமரை வரிசை, அதன்பின் 10 அங்குலத்துக்கு ஜரிகைக் கோடும் பச்சை இடைவெளியும் மாறி மாறி, 2 அங்குல அடர்ந்த ஜரிகைப் பட்டை, கடைசியில் 2 அங்குலம் வெறும் துணி. கூட்டினால் 36 அங்குலம். கூட்டல் ஒத்துவந்தால் எந்தப் பட்டையும் விட்டுப்போகவில்லை என்று நிம்மதியாக எழுதத் தொடங்கலாம்.

எழுதினால் இப்படி வரும்:

"கரும்பச்சை முந்தி, 36 அங்குலம், பிட்னி போட்டது, நிறக் கலப்பு இல்லை. உடல் பக்கத்திலிருந்து: கலசத்துடன் மூன்று நிலைக் கோபுர வரிசை, உச்சி உடலை நோக்கி. ஒன்றையொன்று பார்க்கும் ஜரிகை மாங்காய் வரிசை, உள்ளே சிவப்பு மீனா. நடுவில் மூன்று வரிசை எதிரெதிர் மயில்கள், தோகை மடித்தவை, தலை உடல் பக்கம், இடையில் தாமரை. அதன்கீழ் எட்டிதழ்த் தாமரை வரிசை, ஜரிகைக் கோடுகள், அடர்ந்த பட்டை. கடைசி 2 அங்குலம் வெறும் துணி, குஞ்சம் கட்டலாம். பின்பக்க மிதவைகள் வெட்டப்பட்டவை."

இடம் குறைவென்றால் நடுப்பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம்: "கரும்பச்சை பிட்னி முந்தி, மூன்று வரிசை எதிரெதிர் மயில், இடையில் தாமரை, தொடக்கத்தில் கோபுரமும் மாங்காயும்." சுருக்கும்போதும் பிட்னி என்ற சொல்லையும் எதிரெதிர் என்ற சொல்லையும் விடாதீர்கள். நீளத்தையும் எண்ணிக்கையையும் பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இந்த இரண்டும் இல்லாவிட்டால் படிப்பவர் வேறொரு புடவையை மனதில் வரைந்துவிடுவார்.

இதே முந்தியில் சேரும் கோடு விரலில் படாமல், சாய்த்தபோது அரக்கு மினுங்கியிருந்தால், முதல் வரி மட்டும் மாறும்: "அரக்குப் பாவில் பச்சை ஊடை, இரு நிறம் மினுங்கும் முந்தி." மயிலும் மாங்காயும் தாமரையும் கோபுரமும் பற்றி எழுதியது எல்லாம் அப்படியே நிற்கும். ஜரிகை மட்டும் அந்தக் கலந்த நிறத்தின் மேல் சற்றுச் சிவந்து தெரியும் என்பதால், பகல் வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுத்துச் சேர்ப்பது நல்லது.